எந்த நிலுவை? முதல் கடன்காரருக்கு வங்கி ஒப்பந்தத்தின் பொடி எழுத்தைத் தமிழில் எழுதித் தருவது

தக்கலைப் பக்கம் ஒரு தங்கச்சி, தனியார் பள்ளியில் டீச்சர். பழைய ஓட்டு வீட்டின் பின்பக்கத்தை இடித்துவிட்டுக் கான்கிரீட் போடலாம் என்று வங்கியில் 5 லட்சம் கேட்டிருந்தார். நம்ம மாவட்டத்துக்கு இடவப்பாதியும் உண்டு, துலாமழையும் உண்டு, இரண்டும் அந்த வீட்டுக்குள்தான் பெய்யும் என்பார். வாழ்க்கையில் முதல் கடன். மனை அம்மா பேரில் இருப்பதால் அம்மா கூட்டுக் கடனாளர், தாய்மாமா உத்தரவாதி. கடன் ஐந்து வருடத்துக்கு, வட்டி ஆண்டுக்கு 10.5 சதவீதம், மாதத் தவணை 10,747 ரூபாய். வங்கி கொடுத்த ஒப்பந்தம் இருபத்துச் சொச்சம் பக்கம், முழுக்க இங்கிலீஷ், அதிலும் கடைசிப் பக்கங்கள் கண்ணாடி போட்டாலும் புள்ளி புள்ளியாகத் தெரிகிற எழுத்து.

நாகர்கோவிலில் பத்திரம், ஒப்பந்தம் தமிழாக்குவது என் பிழைப்பு. அவர் வந்து சொன்னது இதுதான்: "அண்ணே, சுருக்கியெல்லாம் தராதீங்க. அம்மையும் மாமாவும் வாசிக்கணும். அதில உள்ளத அப்படியே தமிழ்ல தாங்க."

இந்த "அப்படியே" என்பதுதான் வேலையின் முழுக் கஷ்டமும். வார்த்தைக்கு வார்த்தை மாற்றினால் அப்படியே வந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள், வராது. ஒப்பந்தத்தின் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் சில கேள்விகளுக்குப் பதில் இருக்கும்: யார் செய்ய வேண்டும், யாருக்கு, எவ்வளவு, எந்தத் தேதியில், செய்யாவிட்டால் என்ன ஆகும். இங்கிலீஷை வாசித்தவர் சொல்லும் பதிலும் தமிழை மட்டும் வாசித்தவர் சொல்லும் பதிலும் ஒன்றாக இருந்தால் கடமை மாறவில்லை என்று அர்த்தம். நீளமான வாக்கியத்தை இரண்டாக உடைக்கலாம், வரிசையை முன்பின்னாக்கலாம், அதெல்லாம் பாவமில்லை. பதில் மாறினால்தான் பாவம்.

புதிதாக இதைச் செய்ய உட்காருகிறவர்கள் பயப்படுவது கடினமான சட்டச் சொற்களைப் பார்த்து. என் அனுபவத்தில் அவை பெரும்பாலும் ஆபத்தில்லாதவை, ஏனென்றால் தெரியாத சொல் என்று நமக்கே தெரியும், அகராதியைத் திறப்போம், நாலு பேரிடம் கேட்போம். கவிழ்ப்பது நமக்கு நன்றாகத் தெரிந்த தமிழ்ச் சொல்தான். அதற்கு வீட்டில் ஓர் அர்த்தம், வங்கியில் ஓர் அர்த்தம் இருக்கும். நாமும் யோசிக்காமல் எழுதுவோம், வாசிக்கிறவரும் யோசிக்காமல் தலையாட்டுவார்.

முதலில் "நிலுவை". நான் இந்த வேலைக்கு வந்த புதிதில் செய்த தவறும் இதில்தான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

கடன் பத்திரத்தில் அவுட்ஸ்டாண்டிங் என்று ஒரு சொல் வரும், ஓவர்டியூ என்று ஒரு சொல் வரும். முதலாவது, இன்றைய தேதியில் அடைக்க இன்னும் மீதம் இருக்கிற மொத்தக் கடன். இரண்டாவது, கட்ட வேண்டிய தேதி போயும் கட்டாமல் கிடக்கிற தொகை மட்டும். தமிழில் இரண்டுக்கும் நம் வாய் "நிலுவை" என்றுதான் போகும். பேச்சில் "பாக்கி" என்போம், அதுவும் இரண்டுக்கும் பொருந்தும். நான் அந்தக் காலத்தில் ஒரே பத்திரத்தில் இரண்டையும் நிலுவை என்றே எழுதிக் கொடுத்தேன். வாக்கியம் அழகாக ஓடியது, யாரும் குறை சொல்லவில்லை. அதுதான் பிரச்சினை, யாருக்கும் தெரியாது.

இந்த டீச்சரின் பத்திரத்தில் அபராதம் பற்றிய விதி இப்படி இருந்தது: தவணையைத் தேதியில் கட்டாவிட்டால், ஓவர்டியூ தொகை மீது, அது கட்டப்படும் வரை, ஆண்டுக்கு 2 சதவீதம். இப்போது கணக்குப் போட்டுப் பார்ப்போம். அவர் ஆறு தவணை ஒழுங்காகக் கட்டிவிட்டார், ஏழாவது தவணை 30 நாள் தாமதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆறு தவணைக்குப் பின் மீதம் இருக்கும் அசல் சுமார் 4,60,900 ரூபாய். தேதி தாண்டி நிற்பது ஒரு தவணை, அதாவது 10,747 ரூபாய். 10,747 மீது ஆண்டுக்கு 2 சதவீதம், 30 நாளுக்கு என்றால் சுமார் 18 ரூபாய். அதையே மீதக் கடன் முழுவதன் மீதும் போட்டால் சுமார் 758 ரூபாய். "நிலுவைத் தொகை மீது 2 சதவீதம்" என்று நான் எழுதினால் இந்த இரண்டில் எது? வாசிக்கிற அம்மாவுக்குத் தெரியாது. எனக்கே தெரியாது, இங்கிலீஷைத் திருப்பிப் பார்த்தால்தான் தெரியும்.

இதோடு முடியவில்லை. ஊரில் "ரெண்டு வட்டி" என்றால் நூற்றுக்கு மாதம் இரண்டு ரூபாய். கைமாற்று வாங்கியவர்கள் எல்லோருக்கும் காது அப்படித்தான் பழகியிருக்கிறது. ஆகவே "2 சதவீதம்" என்று மட்டும் எழுதி, ஆண்டுக்கு என்பதை இரண்டு வரி தள்ளி எங்கேயோ வைத்தால், அம்மா மனதில் அது மாத வட்டியாக விழும், 10,747க்கு மாதம் 215 ரூபாய் ஆகும். 18, 215, 758. ஒரே வாக்கியம், மூன்று கடன். அதனால் சதவீதம் எங்கு வந்தாலும் "ஆண்டுக்கு" என்ற சொல்லை அந்த எண்ணுக்கு முன்னால் ஒட்டியே வைப்பேன், பத்து இடத்தில் வந்தால் பத்து இடத்திலும். வாசிக்கச் சலிப்பாகத்தான் இருக்கும், இருக்கட்டும்.

நிலுவைக்கு நான் இப்போது செய்வது: அந்தச் சொல்லை அடியோடு விட்டுவிட்டேன். அவுட்ஸ்டாண்டிங் என்றால் "மீதமுள்ள மொத்தக் கடன்", ஓவர்டியூ என்றால் "தேதி தாண்டிய தொகை". கூட்டுறவுச் சங்கங்களில் "தவணை தவறிய" என்ற சொல் உண்டு, அதுவும் நல்ல சொல்தான், உங்கள் வாசகருக்கு எது பழக்கமோ அதை எடுங்கள். ஆனால் ஒன்றை எடுத்தால் கடைசிப் பக்கம் வரை அதுதான். பள்ளிக்கூடத்தில் கட்டுரை எழுதும்போது ஒரே சொல் திரும்பத் திரும்ப வரக்கூடாது என்று சொல்லிக்கொடுத்தார்களே, அதை இங்கே மறந்துவிடுங்கள். ஒப்பந்தத்தில் சொல் மாறினால் பொருளும் மாறுகிறது என்றுதான் வாசிக்கிறவர் எடுத்துக்கொள்வார், எடுத்துக்கொள்ளவும் வேண்டும்.

அபராதம் என்று பேச்சு வந்ததால் இன்னொன்று. "அபராத வட்டி" என்பது எல்லோர் வாயிலும் இருக்கிற சொல். ஆனால் ரிசர்வ் வங்கி 2023 ஆகஸ்டில் விதியை மாற்றியது. தவணை தவறினால் வட்டி வீதத்தோடு சேர்த்து அபராதம் போடக்கூடாது, அதைத் தனிக் கட்டணமாகத்தான் வசூலிக்க வேண்டும், அந்தக் கட்டணத்தின் மீது மறுபடி வட்டி ஏற்றக்கூடாது. 2024 ஏப்ரல் 1 முதல் புதுக் கடன்களுக்கு இது நடைமுறை. ஆகவே பத்திரத்தில் பீனல் சார்ஜஸ் என்று இருப்பதைப் பழக்கதோஷத்தில் "அபராத வட்டி" என்று எழுதினால், வட்டிக்கு வட்டி ஏறும் என்று வாசகர் நம்புவார். பத்திரம் அப்படிச் சொல்லவில்லை. "அபராதக் கட்டணம்" என்றே எழுத வேண்டும். கட்டாமல் கிடக்கும் தவணைக்கு ஒப்பந்த வீதத்திலான சாதாரண வட்டி ஓடிக்கொண்டுதான் இருக்கும், அது வேறு கணக்கு.

சரி, இனி அதே நிலுவை எதிர்ப்பக்கம் புரளுவதைப் பாருங்கள். இன்னொரு விதி: தவணை தவறுவது போன்ற நிகழ்வு நடந்தால், வங்கி அவுட்ஸ்டாண்டிங் முழுவதையும் உடனே செலுத்தும்படி கேட்கலாம். இங்கே "நிலுவையை உடனே செலுத்தும்படி கேட்கலாம்" என்று எழுதினால் அம்மா என்ன நினைப்பார்? விட்டுப்போன தவணையைக் கேட்கிறார்கள், நியாயம்தானே என்பார். உண்மையில் வங்கி கேட்பது நாலரை லட்சத்துக்கு மேல். முதல் விதியில் ஒன்றுமில்லாததைப் பெரிதாக்கிப் பயம் காட்டிய அதே சொல், இரண்டாவது விதியில் பெரியதைச் சின்னதாக்கித் தூங்க வைக்கிறது.

இந்த இடத்தில் கை அரிக்கும். எனக்கும் அரித்தது. ஏனென்றால் ஒரு தவணை தவறிய மறுநாளே யாரும் வந்து வீட்டை எடுக்க முடியாது. தொகை 90 நாளுக்கு மேல் தேதி தாண்டிக் கிடந்தால்தான் கணக்கு வாராக்கடன் ஆகும், அதன்பின் 2002ஆம் ஆண்டின் சர்ஃபேசி சட்டப்படி அடமானச் சொத்தின் மீது நடவடிக்கைக்குப் போவதென்றால் 13(2) பிரிவின்படி 60 நாள் அவகாசம் கொடுத்து நோட்டீஸ் அனுப்ப வேண்டும். அம்மா பயந்துவிடக்கூடாதே என்று இதை அந்த வாக்கியத்துக்குள்ளேயே நுழைத்து, "சட்டப்படி அவகாசம் கொடுத்து வங்கி கேட்கலாம்" என்று எழுதத் தோன்றும். எழுதக் கூடாது. அந்த விதியில் அவகாசம் என்ற சொல்லே கிடையாது. சட்டம் தருகிற பாதுகாப்பைப் பத்திரம் தருவதாகக் காட்டுவதும் கடமையை மாற்றுவதுதான், நல்லெண்ணத்தோடு மாற்றுகிறோம், அவ்வளவே வித்தியாசம்.

அதற்கு வழி இருக்கிறது. தாளை நடுவில் கோடு போட்டு இரண்டாகப் பிரிப்பேன். இடது பக்கம் விதி எண்ணோடு மொழிபெயர்ப்பு மட்டும். வலது பக்கம் "விளக்கம்" என்று தலைப்பு, அதில் என் உதாரணம், சட்டம், கணக்கு எல்லாம். 60 நாள் நோட்டீஸ் வலது பக்கம் போகும், 18 ரூபாய்க் கணக்கும் அங்கேதான். முதல் பக்கத்தின் மேலே இரண்டு வரி: இடது பக்கம் ஒப்பந்தம் சொல்வது, வலது பக்கம் மொழிபெயர்த்தவர் சொல்வது, இரண்டுக்கும் வேறுபாடு தெரிந்தால் வங்கியில் கேட்கவும், கையெழுத்தாகும் இங்கிலீஷ் பிரதிதான் செல்லும். பெரும்பாலான பத்திரங்களிலேயே அந்தக் கடைசி விஷயம் ஒரு விதியாக இருக்கும், அதையும் மறைக்காமல் தமிழாக்க வேண்டும்.

இனி மாமா. மூவரும் "ஜாயிண்ட்லி அண்ட் செவரலி" பொறுப்பு என்று ஒரு விதி. இதற்குத் தமிழில் ஊரறிந்த மொழிபெயர்ப்பு உண்டு, "கூட்டாகவும் தனித்தனியாகவும்". சட்டப் புத்தகத்திலும் அதுதான், கோர்ட்டிலும் அதுதான். தப்பே இல்லை. முதல் வரைவில் நானும் அதையே எழுதி அனுப்பினேன். மறுநாள் மாமா போன் செய்தார்.

"தனித்தனின்னா மூணு பேருக்குமா பிரிச்சு, ஆளுக்கு ஒண்ணே முக்கால்கிட்ட வரும், அப்படித்தானே மக்கா? அவ்வளவுன்னா எனக்குப் பயமில்ல."

அவர் தமிழில் குறை காண முடியாது. கல்யாண வீட்டில் செலவைத் தனித்தனியாகப் போட்டுக்கொண்டோம் என்றால் ஆளுக்கு ஒரு பங்கு என்றுதானே பொருள். ஆனால் ஒப்பந்தம் சொல்வது நேர் எதிர். கடன் 3 லட்சம் மீதம் இருக்கும்போது நின்றுபோனால், வங்கி அந்த 3 லட்சத்தையும் மூவரில் எவரிடமும் முழுதாகக் கேட்கலாம். டீச்சரிடம் முதலில் போய்ப் பார்த்துவிட்டுத்தான் மாமாவிடம் வர வேண்டும் என்றும் இல்லை. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் 128ஆம் பிரிவு, ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதியிருந்தாலொழிய, உத்தரவாதியின் பொறுப்பு கடன் வாங்கியவரின் பொறுப்பு அளவுக்கே இருக்கும் என்கிறது. வங்கி மொத்தத்தில் 3 லட்சத்துக்கு மேல் வாங்க முடியாது, ஆளுக்கு மூன்று என்று ஒன்பது ஆகாது. யாரிடம் எவ்வளவு கேட்பது என்பது மட்டும் வங்கியின் கையில்.

அதனால் இடது பக்கத்து வாக்கியத்தை இப்படி மாற்றினேன்: "கடனாளர், கூட்டுக் கடனாளர், உத்தரவாதி ஆகிய மூவரும் சேர்ந்தும், அவர்களுள் ஒவ்வொருவரும் தனியாகவும், முழுத் தொகைக்கும் பொறுப்பாவர்." "முழுத் தொகைக்கும்" என்பது அந்த இங்கிலீஷ் வரியில் இல்லை, நான் சேர்த்தது. கடமையை மாற்றக் கூடாது என்று மேலே அவ்வளவு சொல்லிவிட்டு இங்கே நானே சேர்க்கிறேனே என்று கேட்கலாம். இங்கிலீஷ் சொற்றொடருக்கு உள்ளேயே அந்தப் பொருள் இருக்கிறது, சட்டத்தில் அதற்கு வேறு பொருளே கிடையாது. தமிழ்ச் சொல்லில் அது சிந்திவிடுகிறது, சிந்தியதை அள்ளி வைக்கிறேன். நோட்டீஸ் விஷயத்தில் இல்லாததைக் கொண்டுவருவதாக இருந்திருக்கும். எல்லை அதுதான், சந்தேகம் வந்தால் வலது பக்கத்தில் போட்டுவிடுவது பாதுகாப்பு. மாமா பணம் கட்ட நேர்ந்தால் அதை மருமகளிடமிருந்து திரும்பக் கேட்க 145ஆம் பிரிவு உரிமை தருகிறது என்பதை வலது பக்கம்தான் எழுதினேன்.

மாமா இரண்டு நாள் யோசித்தார். அப்புறம் கையெழுத்துப் போட்டார், ஆனால் முதலில் டீச்சரின் சம்பளச் சீட்டை வாங்கிப் பார்த்தார். அந்தப் போன் அவர் செய்யாமல் விட்டிருந்தால் என் "சரியான" மொழிபெயர்ப்போடு அவர் ஒண்ணே முக்கால் லட்சத்துக்கு என்று நினைத்து ஐந்து லட்சத்துக்குக் கையெழுத்துப் போட்டிருப்பார்.

"அடமானம்" நம்ம ஊரில் இன்னொரு கண்ணி. இந்தக் கடனுக்கு மனையின் மூலப் பத்திரத்தை வங்கியில் ஒப்படைத்து அடமானம் ஏற்படுத்துகிறார்கள். குடும்பம் வீட்டில்தான் இருக்கும், பத்திரம் மட்டும் வங்கியில். இதை எளிமையாகச் சொல்கிறேன் என்று யாரோ ஒருவர் முன்பு "ஒற்றி" என்று எழுதியிருந்ததைப் பார்த்திருக்கிறேன். நாகர்கோவிலில் ஒற்றி வீடு என்றால் சின்னப் பிள்ளைக்கும் தெரியும், மொத்தமாகப் பணத்தைக் கொடுத்தவர் வீட்டில் வந்து குடியிருப்பார், பணம் திரும்பும்போது காலி செய்வார். பணம் கொடுத்தவர் கைக்குச் சொத்து போவதுதான் ஒற்றி. அம்மா அதை வாசித்தால் பேங்க்காரர்கள் வீட்டைச் சாவியோடு கேட்பார்கள் என்றுதான் நினைப்பார். "பத்திரத்தை ஒப்படைத்து ஏற்படுத்தும் அடமானம்" என்று நீட்டி எழுதுவதுதான் சரி.

தேதிகளில் ஒரு சின்ன விஷயம். "5ஆம் தேதிக்குள்" என்றால் 5ஆம் தேதி சேருமா, சேராதா? நாலு பேரைக் கேளுங்கள், இரண்டு பதில் வரும். "5ஆம் தேதியன்றோ அதற்கு முன்போ" என்று எழுதிவிட்டால் சண்டை இல்லை. அதேபோல நாள் வேறு, வேலை நாள் வேறு.

இங்கிலீஷ் சொல் ஒன்று நம்மை ஏமாற்றுவதும் உண்டு, ஒன்று மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் சிரிப்பு வரும். "வித்தவுட் பிரெஜுடிஸ் டு இட்ஸ் அதர் ரைட்ஸ்" என்பதை "பாரபட்சமின்றி" என்று எழுதியிருப்பார்கள். வங்கி பாரபட்சமின்றி அபராதம் வசூலிக்கும் என்று வாசித்தால் ஏதோ எல்லோரையும் சமமாக நடத்துகிறது என்று வாசகர் மகிழ்ந்துபோவார். அதன் பொருள், இந்த ஒரு உரிமையைப் பயன்படுத்தியதால் வங்கியின் மற்ற உரிமைகள் போய்விடாது என்பது. அபராதம் வாங்கிக்கொண்டோம், அதனால் முழுக்கடனையும் கேட்கமாட்டோம் என்று நினைக்காதே என்கிற எச்சரிக்கை அது. "தன் மற்ற உரிமைகளுக்குக் குறைவு இன்றி" என்று எழுதலாம்.

எல்லாவற்றையும்விட அதிகம் வருவது "-லாம்". இங்கிலீஷில் ஷல் என்று வந்தால் "வேண்டும்", மே என்று வந்தால் "-லாம்" என்று ஒரு வாய்ப்பாடு சொல்வார்கள். வேண்டும் பரவாயில்லை. லாம் இருக்கிறதே, அது இரண்டு வேலை செய்கிறது. "இன்றைக்கு மழை வரலாம்" என்றால் வந்தாலும் வரும். "நீ போகலாம்" என்றால் அனுமதி. "வங்கி முழுத் தொகையையும் கேட்கலாம்" என்பதை வீட்டில் இருப்பவர் மழை மாதிரிதான் கேட்பார், கேட்டாலும் கேட்பாங்க, கேட்காமலும் இருப்பாங்க என்று. ஒப்பந்தம் பேசுவது உரிமையை. ஆகவே வங்கிக்கு அதிகாரம் தருகிற இடங்களில் எல்லாம் "கேட்க வங்கிக்கு உரிமை உண்டு" என்று எழுதுகிறேன். கடனாளருக்குத் தருகிற இடத்திலும் அப்படியே, "கடனை முன்கூட்டியே அடைக்கக் கடனாளருக்கு உரிமை உண்டு". அவர் கடன் மாறும் வட்டிக் கடன், தொழிலுக்கு அல்லாமல் தனி நபர் வாங்கியது, எனவே முன்கூட்டி அடைத்தால் அதற்கு அபராதம் கிடையாது. இது வலது பக்கத்துக்கு.

இதெல்லாம் தொடங்கும் முன்பே வங்கியில் கேட்டு வாங்க வேண்டிய தாள் ஒன்று உண்டு. முக்கிய விவர அறிக்கை, வங்கியில் கேஎஃப்எஸ் என்பார்கள். 2024 அக்டோபர் 1 முதல் அனுமதியாகும், தனி நபர்கள் வாங்கும் கடன்களுக்கும் சிறு தொழில்களின் தவணைக் கடன்களுக்கும் இதைக் கடனாளருக்குப் புரியும் மொழியில் கொடுத்து, விளக்கி, புரிந்ததாக ஒப்புதல் வாங்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. டீச்சருக்கு முதலில் இங்கிலீஷில்தான் கொடுத்தார்கள், தமிழில் கேட்டதும் தமிழிலும் கிடைத்தது. அதில் எல்லாக் கட்டணத்தையும் சேர்த்து ஆண்டுக்கு எத்தனை சதவீதம் ஆகிறது என்று ஒரே எண்ணாக இருக்கும். அதில் இல்லாத கட்டணத்தைப் பின்னால் கடனாளரின் வெளிப்படையான சம்மதம் இல்லாமல் வசூலிக்க முடியாது. யோசித்துச் சொல்லக் குறைந்தது மூன்று வேலை நாள் அவகாசமும் உண்டு. அந்த மூன்று நாளில்தான் நான் முழுப் பத்திரத்தையும் முடித்தேன். என் தமிழில் வரும் எண்களையும் அந்தத் தாளில் உள்ள எண்களையும் ஒன்றுக்கொன்று வைத்துப் பார்ப்பது நல்ல சோதனை, எங்காவது பொருந்தவில்லை என்றால் பெரும்பாலும் தவறு என்னுடையதுதான்.

அதைவிட நல்ல சோதனை, இங்கிலீஷ் பார்க்காத ஒருவரை விதி விதியாக வாசிக்கச் சொல்லி, தாளை மூடிவிட்டு, அவர் வார்த்தையில் திரும்பச் சொல்லச் சொல்வது. புரிந்ததா என்று கேட்டால் எல்லோரும் புரிந்தது என்றுதான் சொல்வார்கள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவர்கள் வீட்டுத் திண்ணையில் அம்மாவைத்தான் உட்கார வைத்தோம். அபராதக் கட்டண விதிக்கு, "தேதி தாண்டின காசுக்கு, வருசத்துக்கு நூத்துக்கு ரெண்டு" என்றார். எனக்கு மனது குளிர்ந்தது. கூட்டுப் பொறுப்புக்கு, "யாரு கிடைச்சாலும் முழுசையும் கேப்பான்" என்றார், இதைவிட நன்றாக நானும் எழுத முடியாது.

அப்புறம் காப்பீட்டு விதி வந்தது. நான் எழுதியிருந்தது: "வீட்டுக்குக் காப்பீடு எடுக்கத் தவறினால், வங்கி காப்பீடு எடுத்து, செலவைக் கணக்கில் சேர்க்கலாம்." அம்மா தாளை மூடிவிட்டுச் சொன்னார், "நாம மறந்தாலும் பேங்கே இன்சூரன்ஸ் எடுத்துத் தரும், அவங்க கணக்கில எழுதிக்கிடுவாங்க."

யார் தவறினால் என்று நான் எழுதவில்லை, யார் கணக்கு என்றும் எழுதவில்லை. தமிழில் எழுவாயை விழுங்கிவிட்டு எழுதுவது நமக்கு அவ்வளவு இயல்பு. போதாததற்கு அந்த "லாம்", உரிமையைச் சலுகை ஆக்கிவிட்டது. அங்கேயே பேனாவை எடுத்து அடித்துத் திருத்தினேன்: "வீட்டுக்குக் கடனாளர் தம் செலவில் காப்பீடு எடுத்துத் தொடர்ந்து புதுப்பிக்க வேண்டும். கடனாளர் அதைச் செய்யத் தவறினால், காப்பீட்டை எடுக்கவும், அதற்கு ஆன செலவைக் கடனாளரின் கடன் கணக்கில் ஏற்றவும் வங்கிக்கு உரிமை உண்டு. எடுத்தே தீர வேண்டும் என்ற கடமை வங்கிக்கு இல்லை."

கடைசி வாக்கியம் மூலத்தில் உண்டா என்று டீச்சர் கேட்டார். மூலத்தைப் புரட்டிப் பார்த்தோம், அடைப்புக்குறிக்குள், மற்றதைவிடச் சின்ன எழுத்தில் இருந்தது, முதல் தடவை நான்தான் அதை விட்டிருந்தேன். அம்மா மறுபடி வாசித்துவிட்டு, "அப்பம் நாமதான் கட்டணும், மறந்தா நம்ம கடன்தான் கூடும்" என்று சொல்லிக் கண்ணாடியைக் கழற்றி, அடுத்த விதியை வாசிக்க மகளிடம் தாளைக் கொடுத்தார்.